கீ வளையாமல், கீல் நகராமல்: ஒரு லேப்டாப்பைப் படம் எடுத்த அனுபவம்

பழைய லேப்டாப்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் தம்பி ஒருவர், தன் விற்பனைப் பட்டியலுக்கு முகப்புப் படம் ஒன்று எடுத்துத் தரச் சொன்னார். 14 அங்குல மெஷின். மூடி திறந்திருக்க வேண்டும், உடல் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும், திரையில் எதுவும் இருக்கக் கூடாது. "அண்ணே, திரையில படம் ஏதாவது இருந்தா பாக்குறவங்க அதையேதான் பாக்குறாங்க. வெறும் சாம்பல் கலர் போதும். கீபோர்டும் போர்ட்டும் உள்ளபடி தெரியணும்" என்றார். அவர் ஏற்கெனவே தன் மொபைலில் எடுத்த படத்தையும் அனுப்பியிருந்தார். அதில் முன்பக்க கீகள் பிஸ்கட் அளவுக்கு ஊதியிருந்தன, பின்வரிசை கீகள் சுருங்கிக் கிடந்தன. கீல் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தது. அடிபட்டு வளைந்த மெஷின் என்று யாராவது நினைத்தால் அவர்கள் மேல் தப்பில்லை.

புதிதாக எடுப்பதற்கு முன் அந்தப் படத்தையே சரிசெய்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கிம்ப்பில் திறந்து, திரையின் நான்கு மூலைகளைப் பிடித்து இழுத்து, திரையை ஒழுங்கான வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். திரை அழகாக வந்தது. ஆனால் கீபோர்டு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, பக்கவாட்டில் இருந்த ஹெட்போன் துளை முட்டை வடிவமாகிவிட்டது. கீபோர்டைச் சரிசெய்தால் திரை கோணிக்கொண்டது. ஒரு மணி நேரம் இப்படி மாற்றி மாற்றி இழுத்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. மூலையைப் பிடித்து இழுக்கும் திருத்தம் ஒரே ஒரு தளத்துக்குத்தான் சரியாக இருக்கும். திறந்த லேப்டாப்பில் திரை ஒரு தளம், கீபோர்டு ஒரு தளம், போர்ட்டுகள் இருக்கும் பக்கச்சுவர் மூன்றாவது தளம். ஒன்றை நிமிர்த்தினால் மற்ற இரண்டும் கெட்டுப்போகும். டேப்லெட்டை நேராக எடுத்த படம் என்றால் இந்தத் தொல்லை இல்லை. அது கிட்டத்தட்ட ஒரே தளம்தான், மூலையை இழுத்தே சரிசெய்துவிடலாம். கீல் உள்ள சாதனத்துக்கு அது உதவாது. எடுக்கும்போதே சரியாக எடுத்தாக வேண்டும்.

கீ ஊதுவதற்கு லென்ஸைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். உண்மையில் காரணம் தூரம். இந்த மெஷின் 31.5 செ.மீ. அகலம், 22 செ.மீ. ஆழம். 30 டிகிரி திருப்பி வைத்து 20 டிகிரி மேலிருந்து பார்த்தால், அருகிலுள்ள மூலைக்கும் தொலைவிலுள்ள மூலைக்கும் கேமராவின் பார்வைத் திசையில் ஏறத்தாழ 33 செ.மீ. வித்தியாசம் வருகிறது. தம்பி 45 செ.மீ. தூரத்தில் நின்று எடுத்திருந்தார். அருகு மூலை 45, தொலைவு மூலை 78. அதாவது அருகிலிருப்பது 1.7 மடங்கு பெரிதாகத் தெரியும். அதே மெஷினை 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் 200க்கு 233, வெறும் 1.17 மடங்கு. கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் அளவு அது. மொபைலின் அகலக் கோண லென்ஸ் கிட்டே போகவைக்கிறது, அதில்தான் எல்லாம் கெடுகிறது.

எனவே முக்காலியை 2 மீட்டர் தள்ளி வைத்தேன். என்னுடையது 24 மெகாபிக்சல், சிறிய சென்சார் உள்ள கேமரா, லென்ஸ் 85 மி.மீ. அந்தத் தூரத்தில் சட்டத்துக்குள் 55 செ.மீ. அகலம் அடங்கும். திரும்பிய நிலையில் லேப்டாப் 38 செ.மீ. அகலம் எடுத்துக்கொள்ளும், சுற்றிலும் போதிய இடம் கிடைக்கும். லேப்டாப்பை சட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளாமல் நடுவிலேயே வைத்தேன். லென்ஸின் வளைவுப் பிழை ஓரத்தில்தான் அதிகம். கேமராவின் லென்ஸ் திருத்தத்தையும் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது திரை. மேட் திரையாக இருந்தாலும் அணைத்து வைத்தால் அது மங்கலான கண்ணாடிதான். சோதனைப் படத்தில் திரையின் நடுவே வெளிறிய பட்டை ஒன்று தெரிந்தது. கேமராவின் பின்னால் கறுப்புத் துணி கட்டியிருந்தேனே, எங்கிருந்து வருகிறது என்று குழம்பினேன். லேப்டாப்பை 30 டிகிரி திருப்பியிருந்தால், திரை பிரதிபலிப்பது கேமராவை அல்ல, கேமராவிலிருந்து 60 டிகிரி தள்ளி இருக்கும் பக்கத்தை. அங்கே வெள்ளைச் சுவர் இருந்தது. துணியை அவிழ்த்து அங்கே கொண்டுபோய்க் கட்டியதும் பட்டை மறைந்தது. திருப்பும் கோணத்தை இரண்டால் பெருக்கிய இடத்தில் கறுப்பு வேண்டும் என்பதை அதற்குப் பிறகு மேசையிலேயே டேப் ஒட்டிக் குறித்து வைத்துக்கொண்டேன். விளக்கு ஒன்றே ஒன்று, எல்இடி பேனல், முன்னால் மெல்லிய வெள்ளைத் துணி. லேப்டாப்பின் பின்னால் இடப்பக்கம் மேலே. பின்னாலிருந்து வரும் ஒளி ஒவ்வொரு கீயின் விளிம்பிலும் மெல்லிய கோடாக விழும், அதனால் கீகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். முன்னாலிருந்து அடித்தால் கறுப்பு கீகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

வெறும் சாம்பல் நிறத்தைப் பிற்பாடு கணினியில் ஒட்டிவிடலாம் என்று தம்பி சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. திரை எரியும்போது அதன் ஒளி கீபோர்டின் பின்வரிசையிலும் கீலின் மேலும் மெல்லியதாக விழுகிறது. ஒட்டிய திரையில் அது இருக்காது. படம் பார்க்கிறவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றும். அதனால் திரையிலேயே நிறத்தைப் போட்டு எடுப்பதென்று முடிவு செய்தேன். கீபோர்டுக்கு விளக்கொளியில் ஒரு படம், எரியும் திரைக்கு இருட்டில் ஒரு படம் என்று தனித்தனியே எடுத்துப் பிறகு சேர்ப்பது திட்டம். மெஷினில் லினக்ஸ் இருந்தது வசதியாகப் போயிற்று. திரை அளவுக்கு ஒரு கறுப்புப் படமும், மேலிருந்து கீழாக இளஞ்சாம்பல் கரையும் ஒரு படமும் செய்துகொண்டேன்.

```
magick -size 1920x1200 xc:black black.png
magick -size 1920x1200 gradient:'#e9ecef-#cfd6dd' \
  -attenuate 0.2 +noise Gaussian screen.png
```

அந்த `+noise` தேவைதானா என்று கேட்கலாம். இரண்டு நிறங்களுக்கும் இடையே சிவப்பில் 26 படிகள்தான் வித்தியாசம். 1200 வரிகளில் அதைப் பரப்பினால் ஒவ்வொரு படியும் 46 வரி உயரத்துக்கு ஒரு பட்டையாக நிற்கும். வெறும் திரையில் வேறு எதுவும் இல்லாததால் அந்தப் பட்டைகள் கண்ணை உறுத்தும். கொஞ்சம் புள்ளி தூவினால் அவை கரைந்துவிடும்.

முதல் சுற்றில் நான் செய்த தவறு இங்கேதான். கறுப்புப் படம் திரையில் இருக்கும்போது விளக்கொளியில் கீபோர்டை எடுத்துவிட்டு, கை நீட்டி ஒரு கீயைத் தட்டி சாம்பல் படத்துக்கு மாற்றி, அறையை இருட்டாக்கித் திரையை மட்டும் எடுத்தேன். இரண்டையும் கிம்ப்பில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது திரையின் மேல் விளிம்பு 9 பிக்சல் விலகியிருந்தது. கீல் இருக்கும் இடத்தில் விலகல் அநேகமாக இல்லை, மேலே போகப் போகக் கூடியது. கீயைத் தட்டிய அந்த ஒரு தட்டலில் மூடி ஆடி, நூலளவு பின்னால் சாய்ந்திருக்கிறது. பழைய மெஷினின் கீல் கொஞ்சம் தளர்ந்திருந்ததும் சேர்ந்துகொண்டது. திரையை இழுத்துப் பொருத்திவிடலாமே என்று முதலில் தோன்றியது. பொருத்தினேன். திரையின் ஓரச்சட்டம் இரட்டையாகத் தெரிந்தது. மறுபடி எடுப்பதைத் தவிர வழியில்லை.

இந்த முறை லேப்டாப்பைத் தொடவே கூடாது என்று முடிவெடுத்தேன். முதலில் மூடியை 110 டிகிரிக்குத் திறந்து, கை எடுத்துவிட்டு 10 நிமிடம் அப்படியே விட்டேன், சாய வேண்டியது சாய்ந்து நிற்கட்டும் என்று. படங்கள் தானாக மாறும்படி இப்படி ஓட்டினேன்.

```
xset s off -dpms
feh -F -Z -Y -D 180 black.png screen.png
```

180 விநாடிக்கு ஒருமுறை படம் மாறும், அம்புக்குறி மறைந்திருக்கும், திரை தானாக அணையாது. திரையின் நிறத்தை இரவில் மஞ்சளாக்கும் வசதியையும், வெளிச்சத்துக்கேற்ப பிரகாசத்தை மாற்றும் வசதியையும் முன்பே அணைத்திருந்தேன். பேட்டரி முழுக்க ஏற்றியிருந்ததால் போர்ட்டில் எந்த ஒயரும் இல்லை. கறுப்பு வரும் மூன்று நிமிடத்தில் கீபோர்டுக்கான படங்கள், பிறகு சாம்பல் வரும்போது விளக்கை அணைத்துத் திரைக்கான படம். கேமராவையும் தொடவில்லை, மொபைல் செயலியிலிருந்தே ஃபோகஸ் மாற்றி எடுத்தேன்.

ஃபோகஸ் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கீலும் கீயும் பாழாவது அநேகமாக இங்கேதான். 85 மி.மீ. லென்ஸில் 2 மீட்டர் தூரத்தில் f/11 வைத்தால் ஏறக்குறைய 24 செ.மீ. ஆழம்தான் தெளிவாக வரும். எனக்குத் தேவையோ 33 செ.மீ. f/16க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் சிறிய சென்சாரில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கிவிடுகிறது. அதனால் f/8, ஐஎஸ்ஓ 100, 1/4 விநாடி வைத்து நான்கு படங்கள் எடுத்தேன்: முன் மூலை, கீபோர்டின் நடு, கீல், மூடியின் தொலை மூலை. f/8 இல் ஒரு படத்துக்குச் சுமார் 18 செ.மீ. ஆழம் கிடைக்கும். ஒன்றோடொன்று மேல்விழும்படி நான்கு படம் போதும்.

நான்கிலும் தெளிவாக இருக்கும் பகுதிகளை மட்டும் எடுத்து ஒரே படமாக இணைப்பதற்கு, படங்களை ஒட்டும் ஹியூகின் மென்பொருளோடு வரும் கருவிகளைப் பயன்படுத்தினேன்.

```
align_image_stack -m -a al_ f1.tif f2.tif f3.tif f4.tif
enfuse --exposure-weight=0 --saturation-weight=0 \
  --contrast-weight=1 --hard-mask -o out.tif al_*.tif
```

அந்த `-m` சின்ன எழுத்துதான், ஆனால் அதை விட்டுவிட்டு ஒருமுறை ஓட்டியதில் ஒரு பாடம் கிடைத்தது. ஃபோகஸை நகர்த்தும்போது லென்ஸின் பார்வைக் கோணமும் நூலளவு மாறுகிறது, அதனால் ஒவ்வொரு படத்திலும் லேப்டாப் சற்றே வேறு அளவில் இருக்கும். `-m` அந்த அளவையும் சேர்த்துப் பொருத்தும். அது இல்லாமல் இணைத்த படத்தை முழுதாகப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சந்தேகம் வந்து A, S, D, F இருக்கும் எழுத்து வரிசையைப் பெரிதாக்கி அளந்தேன். பெரும்பாலான கீபோர்டுகளில் ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மி.மீ. எல்லாம் சமம். சாய்வாகப் பார்க்கும்போது அருகிலிருந்து தொலைவுக்குப் போகப் போக அது சீராகக் குறைய வேண்டும், என் அமைப்பில் ஒவ்வொரு கீக்கும் 2 பிக்சல் வீதம். நான் அளந்தபோது 180, 178 என்று வந்து, அடுத்த இடைவெளி திடீரென்று 169 ஆகி, அதற்கடுத்தது 175க்கு ஏறியது. அந்த இடத்தில்தான் முதல் படமும் இரண்டாம் படமும் சேர்ந்திருந்தன. `-m` போட்டு மீண்டும் ஓட்டியதும் 180, 178, 176, 174 என்று ஒழுங்காக இறங்கியது. கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன். எந்தக் கீபோர்டு படத்திலும் ஒரு வரிசையையாவது அளந்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

கீல் மட்டும் அப்போதும் சரியாக வரவில்லை. கீபோர்டின் பின் விளிம்புக்கும் திரையின் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே 2 மி.மீ. அகலத்தில் ஒரு கறுத்த இடைவெளி உண்டு. இணைத்த படத்தில் அது சில இடங்களில் கூர்மையாகவும் சில இடங்களில் பஞ்சு போலவும் இருந்தது, வலது கீலின் உருளையைச் சுற்றி வெளிறிய ஒரு நிழல் ஒட்டிக்கொண்டிருந்தது. காரணம் இதுதான்: முன்னாலிருக்கும் விளிம்பு மங்கும்போது அந்த மங்கல் விரிந்து பின்னாலிருப்பதை மூடிவிடும். மூடிய பகுதி எந்தப் படத்திலும் தெளிவாக இல்லாதபோது, மென்பொருள் கிடைத்ததை எடுத்து ஒட்டுகிறது.

இதற்கு மென்பொருளை மல்லுக்கட்ட வைப்பதில் பயனில்லை. கீல் இருக்கும் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எவ்வளவு ஆழம் போகிறது என்று கணக்குப் போட்டேன். 30 டிகிரி திருப்பியதால் 31.5 செ.மீ.யில் பாதி, மேலிருந்து பார்ப்பதால் இன்னும் கொஞ்சம் குறைந்து ஏறக்குறைய 15 செ.மீ. ஒரே படத்தின் 18 செ.மீ. ஆழத்துக்குள் அது முழுதாக அடங்கும். எனவே கீலின் நடுவில் ஃபோகஸ் வைத்த மூன்றாவது படத்தை, `al_0002.tif` என்று வந்ததை, `out.tif` மேல் வைத்து, கடைசி கீ வரிசையின் பின்விளிம்பிலிருந்து திரையின் கீழ்ச் சட்டத்தின் மேல்விளிம்புவரை ஒரு பட்டையை மட்டும் மாஸ்க் போட்டுத் திறந்தேன். இடது கீலிலிருந்து வலது கீல்வரை முழுப் பட்டையும் ஒரே படத்திலிருந்து. வெளிறிய நிழல் போய், இடைவெளி ஒரே தடிமனான கறுப்புக் கோடாக நின்றது. இதற்கு ஐந்து நிமிடம் ஆனது.

திரைக்கான படத்தில் ஃபோகஸை வேண்டுமென்றே முன் மூலையில் விட்டேன். திரையின் ஒரு புள்ளி 0.157 மி.மீ., என் படத்தின் ஒரு பிக்சல் மேசையில் 0.092 மி.மீ. ஒரு திரைப் புள்ளிக்கு இரண்டு பிக்சல்கூட இல்லை. இப்படிப் பொருந்தும்போது திரையைக் கூர்மையாக எடுத்தால் வெறும் சாம்பலில் வானவில் அலைகள் நெளியும். பட்டுத் துணி மடிப்பு மாதிரி இருக்கும், எந்தத் திருத்தத்திலும் போகாது. சற்று மங்கலாக எடுத்தால் அலையே வராது. சாம்பலில் இழக்க விவரமும் எதுவும் இல்லை. 1/4 விநாடி என்பதால் திரையின் மினுக்கம் வரிவரியாகப் பதியவும் இல்லை. அந்தப் படத்தை மேலே வைத்து லேயர் முறையை `Screen` ஆக்கினேன். திரைப் பகுதியை நூலளவு பெரிதாக்கி, கூர்மையான படத்தின் ஓரச்சட்டம்வரை மாஸ்க்கால் வெட்டினேன். கீபோர்டின் மேல் விழுந்த திரை ஒளியை மட்டும் மாஸ்க்கில் 30 சதவீதம் விட்டுவைத்தேன். பின்வரிசை கீகளின் மேல்விளிம்பில் வந்த அந்த மெல்லிய வெளிச்சம்தான் திரை உண்மையாகவே எரிகிறது என்று காட்டுகிறது.

போர்ட்டுகளுக்குத் தனியாக ஒரு பக்கவாட்டுப் படம் எடுத்தேன். கேமராவை மெஷின் உயரத்துக்கே இறக்கி, பக்கச்சுவருக்கு நேராக, அதே 2 மீட்டரில். யூஎஸ்பி-சி துளை உள்ளே இருட்டாகக் கிடந்தால் அதன் நடுநாக்கு தெரியாது, வெறும் கறுப்புப் பொட்டாகிவிடும். லென்ஸின் கீழே தபால் அட்டை அளவில் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்ததும் நாக்கின் முனை மெல்லிய சாம்பல் கோடாக வெளிப்பட்டது. இந்தப் படத்தில் சோதிப்பது எளிது. ஹெட்போன் துளை வட்டம். கேமரா நேராக இருந்தால் அதன் அகலமும் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். யூஎஸ்பி-சி துளை ஏறத்தாழ 8.3 மி.மீ. அகலம், 2.6 மி.மீ. உயரம், அதாவது 3.2 மடங்கு. என் படத்தை 3000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிய பின் ஹெட்போன் துளை 19க்கு 19 வந்தது.

இரண்டு படங்களையும் அனுப்பி வைத்தேன். மறுநாள் தம்பி பட்டியலில் ஏற்றிய படத்தைப் பார்த்தால் மெஷின் கொஞ்சம் குண்டாக இருந்தது. பக்கவாட்டுப் படத்தைத் தரவிறக்கி அதே துளையை அளந்தேன். உயரம் 19, அகலம் 22க்கும் மேல். 3:2 படத்தை 16:9 கட்டத்துக்குள் அடைக்க, அகலத்தை மட்டும் இழுத்திருக்கிறார். "அகலத்தையும் உயரத்தையும் சேத்து வைக்கிற பூட்டுக் குறிய எடுத்துவிட்டு இழுத்தியா தம்பி?" என்று கேட்டேன். "ஆமாண்ணே, ரெண்டு பக்கமும் வெள்ளையா விட்டா நல்லா இல்லனு..." என்றார். பின்னணியை இருபுறமும் நீட்டி 16:9 இல் நானே வெட்டி அனுப்பினேன். இந்த முறை ஏற்றியதையும் அளந்தேன். 19க்கு 19.